ஒல்லாந்துக்குப் போன பதினோரு வாக்குமூலங்கள்

“...தூக்குல போடமாட்டோம்னு எழுதிக் குடுங்க மேடம், நான் வேணாங்கல. அவன் வந்தா போதும். ஆனா இந்தக் கொழுந்தன் எழுதினத மட்டும் மறுபடி என் வாயில போடாதீங்க” என்றாள் அண்ணி.

பொன்னேரி கோர்ட்டுக்குப் பின்னால், அரசு வக்கீலம்மாவின் அறை. பழைய கட்டடம், தேக்குக் கதவு. மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீலம்மா. ஓரமாக, கேஸை விசாரித்த இன்ஸ்பெக்டர். இந்தப் பக்கம் நானும் அண்ணியும். மேசைமேல் ஒரு கடிதம். அது ஒல்லாந்திலிருந்து புறப்பட்டு, டெல்லியில் ரெண்டு ஆபீஸ் ஏறி இறங்கி, சென்னைக்கு வந்து, கடைசியில் எங்கள் முன்னால் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

அண்ணி சொன்ன அந்தக் கொழுந்தன் நான்தான்.

நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. எட்டாவதோடு நின்றுவிட்டேன். பொன்னேரி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைப்பவன். பழைய மனுக்களைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷும் சட்டத்தில் கொஞ்சமும் கற்றுக்கொண்டேன். ஜனங்கள் வந்து உட்கார்ந்து பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு ருசி. “என் புருஷன் உயிரோடதான் இக்கிறான், ஆனா எனக்கு விதவைப் பென்ஷன் வேணும், எழுது” என்றாள் ஒருத்தி. அவளுடைய முழுக் கதையையும் கேட்டபிறகு, அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. இப்படிக் கேட்டதையெல்லாம் நோட்டில் குறித்து வைப்பேன். அடுத்தவர் வார்த்தையை அவ்வளவு நேசித்த நான்தான் பதினோரு பேர் வாயிலிருந்த சொந்த வார்த்தையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, என் வார்த்தையைத் திணித்தேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கு நடுவில், பசியாவரம் பக்கத்துத் தீவு. கரையில் ஓர் இறால் பண்ணை வந்தது. அழுக்குத் தண்ணீரை ஏரியில் விட்டார்கள். இறால் செத்தது, நண்டு செத்தது. வலையைத் தூக்கினால் நாற்றம்தான் வந்தது. அதை எதிர்த்து ஒரு போராட்டக் குழு அமைத்தோம். குழுவுக்குத் தலைவன் பக்கத்து ஊர்க்காரன். பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறை வாசலில், எலும்புக்கூடு செதுக்கிய தூணில் சாய்ந்துகொண்டு, “இவனுங்களையே ஊர விட்டுத் தொரத்தின மண்ணுடா இது, ஒரு இறால் பண்ணைக்காரன் இன்னா?” என்பான். எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். அவனை நம்பாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. என் அண்ணன் அவனுக்கு வலது கை. படகு இஞ்சின் ரிப்பேர்காரர். தலைவன் எங்கே போனாலும் படகு ஓட்டுவது அவர்தான்.

ஒருநாள் தாலுகா ஆபீஸில் ஒரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பண்ணையை விரிவாக்க ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் அதில் இருந்தது. கீழே அவன் கையெழுத்து. மைக்கில் ‘மூடு’ என்று கத்திக்கொண்டே, மேசைக்கு அடியில் ‘விரித்துக்கொள்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். அண்ணனிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த இஞ்சின் கிரீஸைத் துடைத்தார். பிறகு சொன்னார்: “ஊர்வலத்தன்னிக்கு அத்தினி பேரு முன்னால கேக்கறேன். தனியா கேட்டா பேசியே நம்மள கவுத்துருவான்.”

ஆனால் அவர் யாரிடமும் ஒன்றையும் மறைக்கத் தெரியாதவர். ஊர்வலத்துக்கு முந்தின நாளே, விஷயம் தெரிந்துவிட்டது என்பதைத் தலைவனிடம் முகத்திலேயே காட்டிவிட்டார் போல.

ஊர்வலம் காலை பத்து மணிக்குப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. கரையில் பம்ப் ஷெட். ஓலைக் கூரை, மரக் கதவு, உள்ளே ஏரித் தண்ணீரை உறிஞ்சும் பெரிய மோட்டார். காதைப் பிளக்கும் சத்தம். அண்ணன் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. ‘வால்வை மூடிட்டு வா’ என்று தலைவன்தான் அனுப்பியிருக்கிறான். நான் பார்த்ததும் கேட்டதும் இவ்வளவுதான்: அவன் ஒரு கல்மேல் ஏறி நின்று, “உள்ள யாரும் இல்ல, நானே பாத்துட்டேன், கொளுத்துங்கடா!” என்றான். கூட்டத்தில் நாலைந்து பேர் கையில் எண்ணெய்த் துணி சுற்றிய கழி. அதில் ஒன்று என் கையில். தெற்கு மூலையில் ஓலை தாழ்ந்து தொங்கியது. அங்கேதான் வைத்தேன்.

மோட்டார் நின்ற பிறகுதான் கத்தல் கேட்டது. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

அண்ணனுடைய பெயரை அவன் அன்றைக்கே சுவரொட்டியில் போட்டுவிட்டான். போராட்டத்தில் உயிர்த்தியாகம் என்று. மாலை போட்டவர்களில் முதல் ஆளும் அவனே. நான் அந்தக் கடிதத்தைப் பற்றி ஊரில் சொன்ன பிறகுதான் சனத்துக்கு உறைத்தது. அதற்குள் ஆள் இல்லை. யாரோ வெளிநாட்டில் ஒரு சுற்றுச்சூழல் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விசா கையில் இருந்தது. பறந்துவிட்டான். எந்த நாட்டுக்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒல்லாந்துக்கு. “அவங்க இங்க வந்து புதைஞ்சாங்க, இவன் அங்க போய் ஒளிஞ்சுக்கினான்” என்றார் எங்கள் ஊர் நாட்டார்.

எங்கள் குப்பத்தில் நாட்டார் என்றால் ஊர்த் தலைவர். ஊர் கூடி ஒன்று முடிவு செய்தால் எல்லாரும் அதையே பேச வேண்டும். ‘ஊருக்கு ஒரே வாயி’ என்பார்கள். கலெக்டருக்கு மனுப் போட்டாலும், பக்கத்து ஊரோடு வலைத் தகராறு வந்தாலும், குடும்பத்துக்கு ஒருவர் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். ஒருத்தன் மாற்றிப் பேசினால் அவனுக்குப் பாடு கிடையாது. பாடு என்றால் ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலை விடலாம் என்று குடும்பத்துக்குக் குடும்பம் வரும் முறை. அது போனால் அடுப்பு அணைந்தது மாதிரி.

போலீஸ் சாட்சி கேட்டு வந்தபோது ஊர் கூடியது. அன்றைக்கு அங்கே ரெண்டு பயம் இருந்தது. அவன் தப்பிவிடக்கூடாது என்பது ஒன்று. தீ வைத்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக நான் ஒரு கதை எழுதினேன். அவனே டீசல் கேனைத் தூக்கி வந்தான், அவனே ஊற்றினான், அவனே பற்றவைத்தான். ‘டீசல் நாற்றம் என் மூக்கில் ஏறியது, நான் ஐயோ என்று கத்தினேன்’ என்று கூட எழுதினேன். அந்த வரியில் எனக்கு ஒரு பெருமை. நாட்டார் படிக்கச் சொல்லிக் கேட்டு, “நல்லா கீது. இதான் ஊர் வார்த்த” என்றார். பதினோரு பேரை நிறுத்தி மனப்பாடம் பண்ண வைத்தோம். அண்ணியும் அதில் ஒருத்தி. புருஷனைப் பறிகொடுத்தவள் சாட்சி பலம் என்று அவளை முதலில் நிறுத்தினோம். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள்.

பலமாக இருக்கட்டும் என்றுதான் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம். ஆள் ஆளுக்கு வேறு வேறு சொன்னால்தானே பொய் என்பார்கள்? எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் நான் வேறு எதற்காகவும் வாழவில்லை. கல்லறையைப் பார்க்க ஒல்லாந்துக்காரர்கள் வருவார்கள், சிவந்த முகத்தோடு, தொப்பி போட்டுக்கொண்டு. நான் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்பேன்: “உங்க ஊர்ல ஜெயில்ல குளிருமா?” ஒரு கிழவர் பாவம், “இல்லை, ஹீட்டர் உண்டு, நல்ல சாப்பாடும் உண்டு” என்று பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தூக்குக் கயிற்றை அவன் கழுத்தில் மாட்டுவதைப் பற்றி நான் யோசிக்காத நாள் கிடையாது. எந்தப் பக்கம் முடிச்சு வரும் என்பது வரை யோசித்திருக்கிறேன். தீ வைத்தது யார் கை என்பதை மட்டும் யோசிக்கவே மாட்டேன். அவன் தொங்கிவிட்டால் அந்தக் கை தானாகக் கழுவப்பட்டுவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

தேடப்படும் ஆள் என்று எல்லா நாட்டுப் போலீஸுக்கும் சிவப்பு நோட்டீஸ் போய், அவனை அங்கே பிடித்தார்கள். இங்கிருந்து மாநில அரசு டெல்லிக்கு எழுதி, டெல்லி ஒல்லாந்து அரசுக்கு எழுதி, ஆளை ஒப்படையுங்கள் என்று கேட்டது. கூடவே எங்கள் பதினோரு வாக்குமூலங்களும் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து, முத்திரை குத்தி, அவர்கள் பாஷையில் பெயர்த்துப் போயின. படகில்கூட பொன்னேரியைத் தாண்டாத ஊர் வார்த்தை விமானத்தில் போகிறது என்று நாட்டார் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பதினொன்றும்தான் இப்போது கடிதமாகத் திரும்பி வந்திருந்தன.

வக்கீலம்மா நடுவயசு, சிரிக்காமல் கிண்டல் செய்வார். “உங்க ஆளு அங்க ரெண்டு கதவைத் தட்டறான்” என்றார். “முதல் கதவு: நான் பண்ணது அரசியல் குற்றம், அதுக்கு என்னை அனுப்பக்கூடாதுங்கறான்.”

“கொலை எப்படிம்மா அரசியலாகும்?” என்றேன்.

“அரசாங்கத்தை எதிர்த்துப் போராடினவனைப் புடிச்சுக் குடுன்னு இன்னொரு நாடு கேட்டா, குடுக்க மாட்டாங்க. நம்மகிட்ட வேற எவனாவது கேட்டாலும் நாம குடுக்க மாட்டோம். ரொம்ப நாளா இருக்கற வழக்கம். போராட்டத்தோட ஒட்டின குற்றத்துக்குக்கூட சில சமயம் அந்தக் குடை கிடைக்கும். ஷெட்டைக் கொளுத்தினது போராட்டம், ஆளு செத்தது அதுல நடந்த விபத்துங்கறான்.”

“அப்ப விட்டுருவானுங்களா?”

“போராட்டத்துக்காகச் செஞ்சானா, சொந்தத்துக்காகச் செஞ்சானா, எது பெருசுன்னு பாப்பாங்க. வாயை அடைக்கறதுக்காக ஒருத்தனைக் கொன்னுட்டு மேல கொடியைப் போத்திக்கிட்டா அது அரசியல் ஆகாது. அந்த ஆட்சேபணை இல்லாக் கடிதம் நம்மகிட்ட இருக்கு. அந்தக் கதவு திறக்காது. எனக்கு அதுல பயம் இல்ல.” கடிதத்தை என் பக்கம் திருப்பினார். “ரெண்டாவது கதவைத்தான் நீங்களே தொறந்து விட்டிருக்கீங்க.”

அநியாயமான விசாரணை நடக்கிற இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பக்கூடாது. அதுதான் ரெண்டாவது. இங்கே சின்னக் குறை இருக்கிறது, கேஸ் மெதுவாக நடக்கிறது என்றெல்லாம் சொன்னால் போதாதாம். விசாரணை என்ற பேருக்கே மதிப்பில்லாத அளவுக்கு அநியாயம் நடக்கும் என்பதற்கு நிஜமான ஆபத்து இருக்க வேண்டும், அதை இங்கேயே சரிசெய்ய வழியும் இருக்கக்கூடாது. அதை அவன்தான் காட்ட வேண்டும்.

“காட்டிட்டான்” என்றார் வக்கீலம்மா. “பதினோரு பேரு. பதினோரு பேரு மூக்குலயும் டீசல் ஏறுது. பதினோரு பேரும் ஐயோன்னு கத்தறாங்க. பஜனை கோஷ்டி மாதிரி. இதுல ஒருத்தரு அன்னிக்குக் காலைல ஆரம்பாக்கத்துல ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை பக்கத்துல நின்னு போட்டோவுக்குச் சிரிச்சிக்கிட்டிருக்காரு. போட்டோவை அவன் வக்கீல் கோர்ட்டுல வெச்சிட்டாரு.”

இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். நான் எழுதியதை வரி மாறாமல் காப்பி எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

“இன்னொண்ணும் கேட்டிருக்காரு” என்றார் வக்கீலம்மா. “ஒருத்தன் கேனைத் தூக்கிட்டு வந்து, சுத்தி ஊத்தி, பத்த வெக்கற வரைக்கும் உள்ள இருந்தவரு ஏன் வெளிய ஓடி வரல? பதினோரு பேருல ஒருத்தருக்கும் அதுக்குப் பதில் இல்ல. சாட்சியத்தை போலீஸே தயார் பண்ற ஊரு இது, இங்க அனுப்பினா முடிவு முன்னாலயே எழுதி வெச்சிருக்கும்னு அவரு சொல்றாரு. அந்தக் கோர்ட்டு நம்மகிட்ட விளக்கம் கேக்குது. மூணு வாரம் டைம்.”

“வேற மாதிரி எழுதித் தரேம்மா” என்றேன். “ஆளுக்கு ஒரு தினுசா. யாரும் கண்டுபிடிக்க முடியாது.”

“இன்னொரு தடவ பொய் போச்சுன்னா அவன் அங்கயே கடை போட்டு உக்காந்துக்குவான். இங்க வரவே மாட்டான். புரியுதா?” அவர் குரல் உயரவில்லை. “எனக்கு வேண்டியது அன்னிக்கு நிஜமாப் பாத்தவங்க. ரெண்டு பேர் போதும். தப்பா எழுதினதை யாரு எழுதினாங்கன்னும் சொல்லணும். அதைச் சொன்னாத்தான் இந்த ஊருல பொய்யைப் பொய்னு எடுத்து வெளிய போட ஆள் இருக்காங்க, கோர்ட்டு இருக்குன்னு அவங்களுக்குக் காட்ட முடியும். தூக்கு கிடையாதுன்னு அரசாங்கம் எழுதித் தரணும். அதையும் டெல்லியில கேட்டிருக்கேன். தூக்கு உள்ள குற்றத்துக்கு அப்படி எழுதித் தராம அனுப்ப மாட்டாங்க.”

தூக்கு கிடையாது. நாலு வருஷம் நான் திரித்த கயிறு. “அப்ப எதுக்கு அவனக் கூட்டிக்கினு வரீங்க, சோறு போடவா?” என்று கத்திவிட்டேன். “அந்தக் கள்ளக் கடிதத்துக்காச்சும் தனியா ஒரு கேஸ் போடுங்க!”

“முடியாது. எதுக்காக அவங்க ஒப்படைச்சாங்களோ அதுக்கு மட்டும்தான் விசாரிக்கலாம். நாம கேட்டது கொலைக்கு.”

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தாள். அந்த அறைக்குள் வந்த பிறகு முதல் வார்த்தை.

வரும் வழியில் படகுத் துறையில் நாட்டார் எங்களை நிறுத்தியிருந்தார். “இன்னாம்மா, ஊர் வார்த்த மாறாதுல்ல? மாறிச்சுன்னா பாடு வராது, சொல்லிட்டேன்” என்றார். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எனக்கு நீச்சல் தெரியும் நைனா” என்றாள். அவர் அவளுக்கு அப்பா முறை. நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். ஊருக்கு அடங்கினவள் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்; பாடு போனாலும் பிழைத்துக்கொள்வேன் என்று அவள் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. நோட்டில்கூட எழுதிக்கொண்டேன்.

“அவன் தொங்கினா ஒரு நாளு” என்றாள் இப்போது. “காலைல தொங்குவான், மத்தியானம் சனம் மறந்துரும். எனக்கு அது வேணாம். அவன் இருக்கணும். காலைல எழுந்து செவுத்தப் பாக்கணும். ராத்திரி படுக்கும்போது செவுத்தப் பாக்கணும். நான் எத்தினி வருசம் தனியா இருக்கறனோ அத்தினி வருசம்.” பிறகுதான் தூக்கில் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்றாள். நான் முதலில் சொன்னேனே, அந்தப் பேச்சு.

“அப்ப நீங்க பாத்தது இன்னா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான் பொம்பளைங்களோட கரைமேல நின்னுக்கினு இருந்தேன், தண்ணிக் குடத்தோட. எனக்கு ஷெட்டு நேரா தெரியும். தலைவரு கதவாண்ட போனாரு. வெளித் தாழ்ப்பாள இழுத்து விட்டாரு. எங்காளு உள்ள இக்கிறது எனக்குத் தெரியாது. மெஷின யாரும் தொடக்கூடாதுன்னு சாத்தறாரு போலன்னு நினைச்சேன். அப்புறம்தான் கல்லு மேல ஏறினாரு.” என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “தெக்கு மூலைல தீ வெச்சது தம்பிதான். அதையும் பாத்தேன்.”

வக்கீலம்மாவின் பேனா நின்றது. நாலு வருஷம். ஒரே வீட்டில், ஒரே பானையில் சோறு. தட்டில் அவள் போட்டதைத்தான் தின்றேன். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

“இதை ஏம்மா அப்பவே சொல்லல?” என்றார் வக்கீலம்மா.

“ஊரு கூடி முடிவு பண்ணிட்டாங்க. கதய எழுதினவரு இவரு. நான் சொன்னா வீட்டுல மிச்சம் இருந்த ஒரு ஆம்பளையும் போயிருவாரு. சரி, அவன் சிக்கினா போதும்னு வாய மூடிக்கினேன். இப்ப இவரு எழுதினதாலதான் அவன் சிக்க மாட்டேங்கறான்னா...” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, “இவரும் போவட்டும்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மீன் கூடையை இறக்கி வைக்கிற மாதிரி சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார். வேகவேகமாகப் புரட்டினார். சம்பவ இடத்தில் எடுத்த பொருட்கள் பட்டியலில் ஏழாவது வரியில் விரலை வைத்தார்: ‘எரிந்த கதவுத் துண்டுடன் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று, மூடிய நிலையில்.’ அவரே எழுதியது. நாலு வருஷம் அவரும் படிக்கவில்லை. எங்கள் கதையில் தாழ்ப்பாளே இல்லாததால் யாரும் அதைத் தேடவுமில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் அடுத்து நடந்ததோடு நிறுத்திக்கொள்ளத்தான் எனக்கு ஆசை.

மறு வாரம் மாஜிஸ்திரேட் எங்கள் ரெண்டு பேரையும் தனித்தனியாக, ஒருத்தர் சொல்வது மற்றவர் காதில் விழாமல், வைத்து எழுதிக்கொண்டார். அவள் பார்த்ததை அவள் சொன்னாள். அவன் கல்மேல் ஏறிச் சொன்னதையும், நான் தீ வைத்ததையும், பதினோரு பேருக்கும் நான் எழுதிக் கொடுத்ததையும் நான் சொன்னேன். பழைய பதினொன்றையும் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது. என்மேல் தீ வைத்ததற்கு ஒன்று, பொய் சாட்சி தயாரித்ததற்கு ஒன்று என்று ரெண்டு வழக்கு. அதைக் காப்பி எடுத்த இன்ஸ்பெக்டர்மேல் இலாகா விசாரணை. இதெல்லாம் சேர்ந்துதான் போயிற்று ஒல்லாந்துக்கு. அந்தக் கோர்ட்டு, இது அரசியல் இல்லை, வாயை அடைக்கச் செய்த கொலை என்றது. பொய்யைப் பிடித்து வெளியே போட்டு, எழுதியவன்மேலேயே வழக்கும் போட்டிருக்கிற இடத்தில் நியாயமான விசாரணைக்கு வழியே இல்லை என்று சொல்லமுடியாது என்றது. அவன் மேல்கோர்ட்டுக்குப் போனான். அங்கேயும் அதே. கடைசியில் அந்த நாட்டு மந்திரி, தூக்கு இல்லை என்ற உறுதியைக் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ரெண்டு வருஷம் ஆனது. விமானத்திலிருந்து அவனை இறக்கினபோது ஸ்வெட்டர் போட்டிருந்தானாம். மீனம்பாக்கத்து வெயிலில் ஸ்வெட்டரோடு வேர்த்து வழிந்தான் என்று கேட்டதும், அதற்குள் தண்டனை வாங்கி ஜெயிலுக்குள் இருந்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். சோற்று வரிசையில் ஒருநாள் அவனைப் பார்த்தேன். பேச்சுக்காரன் ஒரு வார்த்தை பேசாமல் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. என் தட்டும் அதே வரிசையில் நீண்டிருந்தது என்பதையும்.

எங்கள் வீட்டுக்கு வரும் பாடு முறையை ஊர் நிறுத்திவிட்டது. அண்ணி தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்துப் பழவேற்காட்டில் விற்றாள்.

அன்றைக்கு அந்த அறையில், தாழ்ப்பாள் மூடிய நிலையில் என்ற வரியை வக்கீலம்மா ரெண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, கரையில இருந்து பாத்தேங்கறீங்க. சாத்தினாரா, இல்ல தாழ்ப்பாளே போட்டாரா? அந்தக் கோர்ட்டு இதைத்தான் கேக்கும். உங்களால நிச்சயமாச் சொல்ல முடியுமா?”

அண்ணி எழுந்தாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போனாள். திரும்பி நின்று என் முகத்தைப் பார்த்தாள், அன்றைக்கு ஒரே ஒரு தடவை. பிறகு ரெண்டு கதவையும் சேர்த்துச் சாத்தி, வெளியில் இருந்து தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள்.